எழுப்புவது சூடு, தூங்க விடாதது எது?

வாசகியின் கடிதம்

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று 14 மாதம் ஆகிறது. முன்பெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடுவேன். இப்போது தூக்கம் போதவில்லை என்று ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன், ஆனால் கண் மூட பத்தேகால் ஆகிவிடுகிறது. ராத்திரி ஒரு மணி வாக்கில் மார்பிலிருந்து முகம் வரை குப்பென்று சூடு ஏறி, துணி நனைகிற அளவுக்கு வியர்த்து எழுந்துவிடுகிறேன். அரை மணி நேரம் போகிறது. மறுபடி மூன்றேகாலுக்கு விழிப்பு. அப்போது சில நாள் விழித்த பிறகுதான் சூடே வருகிறது. ஐந்து மணி வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்து ஆறு மணிக்கு முழித்து, ஆறரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிறுநீர் கழிக்கப் போகிறேன். வேலை முடிந்து வந்து சாயங்காலம் அரை மணி தூங்கினால்தான் மிச்ச நேரம் ஓடுகிறது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை இல்லை. கொஞ்ச நாளாகக் குறட்டை விடுகிறேன் என்கிறார் என் வீட்டுக்காரர். நாத்தனார் தன் தூக்க மாத்திரையில் பாதி கொடுத்தாள், மூன்று நாள் போட்டேன், தூங்கினேன். அதையே தொடரலாமா? ஹார்மோன் மாத்திரை என்றால் புற்றுநோய் வரும் என்று பயம். உடம்பில் சூடு அதிகமாகிவிட்டதா, இல்லை இந்த வயதில் இப்படித்தான் இருக்குமா?

பதில்

நேரங்களை எழுதி அனுப்பியதற்கு நன்றி. எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் 'ராத்திரி பூரா தூக்கமே இல்லை' என்று ஒரு வரிதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதிய ஒன்பது, பத்தேகால், ஒன்று, மூன்றேகால், ஐந்து, ஆறரை ஆகிய நேரங்களுக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. அதற்கு முன்னால் அந்தச் சூட்டைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அங்கேதான் ஒரு தவறான எண்ணம் உட்கார்ந்திருக்கிறது.

உடம்பில் சூடு கூடிவிடவில்லை

சூடு ஏறும் அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் மாதிரி எதுவும் இருக்காது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பத்தைக் கண்காணிக்கிறது. சாதாரணமாக அது கொஞ்சம் தாராளமானது, உள்வெப்பம் சற்று ஏறி இறங்கினாலும் கண்டுகொள்ளாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அந்தப் பகுதியிலுள்ள ஒரு வகை நரம்பணுக்கள் கட்டுப்பாடு தளர்ந்து மிகையாக இயங்குகின்றன, அதனால் அந்தத் தாராளம் போய்விடுகிறது. போர்வைக்குள் இருந்ததால் வெப்பம் ஒரு டிகிரியில் சிறு பங்கு ஏறினால்கூடப் போதும், 'ஐயோ, சூடு தாங்கவில்லை' என்று முடிவுகட்டி, தோலிலுள்ள ரத்தக் குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது. முகம் சிவப்பதும் துணி நனைவதும் இதனால்தான். இப்படி வெப்பத்தை அவசரமாக வெளியே தள்ளியதால் சற்று நேரத்தில் உள்வெப்பம் இறங்கி, போர்வையைத் தேடும் அளவுக்குக் குளிரும். உங்களுக்கும் அப்படிக் குளிர்கிறதா என்று கவனியுங்கள்.

ஆக, உடம்பில் சேர்ந்த சூட்டை 'இறக்க' வேண்டும் என்று எதையும் குடிக்கவோ தடவவோ தேவையில்லை. இந்த சூட்டு அலை பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து நிமிடத்தில் தானாக ஓய்ந்துவிடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வேண்டியிருக்கும்.

'இந்த வயதில் இப்படித்தான்' என்பது பாதி உண்மை. மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் பெரும்பாலான பெண்களுக்கு இது வருகிறது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி வரும் சூட்டு அலைகள் நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள். அவ்வளவு நாள் தூங்காமல் காத்திருக்கச் சொல்வது ஆலோசனையே இல்லை.

ஒரு மணி விழிப்பு வேறு, மூன்றேகால் விழிப்பு வேறு

'சில நாள் விழித்த பிறகுதான் சூடே வருகிறது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான்.

தூக்கத்தின் முன்பாதியில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். கனவுத் தூக்கத்தின்போது உடம்பு தன் வெப்பக் கட்டுப்பாட்டையே ஏறக்குறைய ஓரம் கட்டி வைத்துவிடுகிறது. அதனால் தூக்க ஆய்வுக்கூடத்தில் பெண்களைப் படுக்க வைத்து அளந்தபோது, ராத்திரியின் முன்பாதியில் முதலில் சூட்டு அலை, பிறகு விழிப்பு என்ற வரிசை தெரிந்தது. பின்பாதியில் அது தலைகீழாகி, முதலில் விழிப்பும் அதன் பிறகு சூடும் வந்தன. உங்கள் ஒரு மணி விழிப்பு முதல் வகை. மூன்றேகால் விழிப்பு பெரும்பாலும் இரண்டாவது வகை, அங்கே நீங்கள் வேறு எதற்காகவோ விழிக்கிறீர்கள், பழி சூட்டின் மேல் விழுகிறது.

அது மட்டுமில்லை. ஐந்து நிமிடத்தில் ஓயும் என்று சொன்னேனே, நீங்களோ முதல் தடவை அரை மணியும் இரண்டாம் தடவை ஒன்றேமுக்கால் மணி நேரமும் விழித்திருக்கிறீர்கள். சூடு உங்களை எழுப்பியிருக்கலாம். ஆனால் எழுப்பிவிட்டு அது போய்விட்டது, அப்புறமும் தூங்க விடாமல் வைத்திருப்பது வேறு ஒன்று. அது மாதக்கணக்கில் தூக்கம் கெட்டதால் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள்: சீக்கிரம் படுப்பது, கடிகாரம் பார்ப்பது, விழித்துக்கொண்டே கட்டிலில் கிடப்பது, சாயங்காலத் தூக்கம். இவை எல்லாமே நல்லெண்ணத்தில் தொடங்கியவை. தூக்கம் போதவில்லை என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது இன்னும் சீக்கிரம் படுக்கலாம் என்பதுதானே? அது வேலை செய்யாது என்பதற்கு உங்கள் கணக்கே சாட்சி.

சிறுநீர் விஷயமும் இதே போலத்தான். மூத்திரப்பை நிறைந்து எழுப்புகிறதா, விழித்தபின் 'எழுந்ததுதான் எழுந்தோம்' என்று போகிறீர்களா என்று இரண்டு நாள் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். நிறையவே வருகிறது என்றால் அதைப் பற்றிக் கீழே குறட்டைப் பகுதியில் சொல்கிறேன், இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

கட்டிலில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள்

ஒன்பது மணியிலிருந்து ஆறரை வரை ஒன்பதரை மணி நேரம் கட்டிலில் இருக்கிறீர்கள். அதில் கண் மூடுவதற்கு முன் ஒன்றேகால் மணி, ஒரு மணிக்கு அரை மணி, மூன்றேகாலிலிருந்து ஐந்து வரை ஒன்றேமுக்கால், கடைசியாக ஆறு முதல் ஆறரை வரை அரை மணி. கூட்டினால் நான்கு மணி நேரம் விழிப்பு. அதாவது ஐந்தரை மணி நேரத் தூக்கத்தை ஒன்பதரை மணி நேரத்துக்கு இழுத்துப் பரப்பியிருக்கிறீர்கள், கட்டிலில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 58 பங்குதான் தூக்கம். மாவைக் கொஞ்சமாக எடுத்துப் பெரிய வட்டமாக இழுத்தால் நடுவில் ஓட்டை விழும் இல்லையா, அந்த ஓட்டைகள்தான் உங்கள் மூன்றேகால் மணி.

இதற்கான மருந்தில்லாச் சிகிச்சைக்குத் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று நீளமான பெயர் உண்டு. மாதவிடாய் நிற்கும் கட்டத்திலுள்ள பெண்களிடம், சூட்டு அலைகள் இருந்தபோதே, தொலைபேசியில் மட்டும் சொல்லிக்கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், அதிலும் தூக்கம் தெளிவாக மேம்பட்டது. இதைச் சொல்லித்தரப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் அவரிடம் போவது நல்லது. கிடைக்காவிட்டால் இதன் முக்கியமான இரண்டு பகுதிகளை நீங்களே செய்யலாம்.

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், விழித்த தடவைகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், கடைசியாக எழுந்த நேரம், பகலில் தூங்கியது. இதை மறுநாள் காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும், ராத்திரியில் கடிகாரம் பார்த்து எழுத வேண்டாம். உண்மையில் அந்தக் கடிகாரத்தை இன்றைக்கே சுவர்ப் பக்கம் திருப்பிவிடுங்கள், போனையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மணி மூன்றேகால் என்று தெரிந்ததும் 'இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம்தான்' என்று மனம் கழித்தல் போட ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு எங்கே தூங்குவது?

நோட்டில் வரும் சராசரி நீங்கள் கடிதத்தில் எழுதியதுபோலவே இருந்தால், ராத்திரித் தூக்கம் ஐந்தரை மணி, சாயங்காலம் அரை மணி, மொத்தம் ஆறு மணி நேரம். ஆகவே உங்கள் படுக்கை நேரத்தை ஆறு மணி நேரமாக்குங்கள்: ராத்திரி 12 மணிக்குப் படுத்து, காலை 6 மணிக்கு எழுந்துவிட வேண்டும். எழும் நேரம்தான் அச்சாணி. எவ்வளவு மோசமான ராத்திரியாக இருந்தாலும், விடுமுறை நாளானாலும், ஆறு என்றால் ஆறு. சாயங்காலத் தூக்கம் கிடையாது, அந்த அரை மணியையும் ராத்திரிக்குச் சேமிக்கிறீர்கள்.

படித்ததும் 'தூங்காதவளிடம் இன்னும் குறைவாகத் தூங்கச் சொல்கிறாரே' என்று கோபம் வரும். வரட்டும். நான் குறைக்கச் சொல்வது கட்டில் நேரத்தைத்தான். முதல் வாரம் நிச்சயமாகக் கஷ்டம், பகலில் தலை கனக்கும், பத்து மணிக்கே கண் சொக்கும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தத் தூக்கப் பசியைச் சேர்ப்பதற்காகத்தான் இவ்வளவும். முதல் வாரம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது ஆறு மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், நூற்றுக்கு 83. அப்படியே தொடருங்கள். அடுத்த வாரம் ஐந்து மணி இருபது நிமிடம் என்றால் அது 89, இப்போது கால் மணி நேரம் கூட்டிக்கொண்டு 11.45-க்குப் படுக்கலாம். ஒரு வாரச் சராசரி 85-ஐத் தாண்டும்போதெல்லாம் கால் மணி நேரம் முன்னால் நகருங்கள், தாண்டாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். ஒரு கட்டத்தில் கூட்டிய கால் மணி நேரம் தூக்கமாகாமல் விழிப்பாகவே நிற்கும், அதுதான் உங்கள் உடம்பின் அளவு. சிலருக்கு ஆறரை, சிலருக்கு ஏழேகால். எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் ஏதோ கெட்டுப்போகும் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். வலிப்பு நோய், இருதுருவ மனநோய், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், அடிக்கடி தடுமாறி விழுவது இருப்பவர்கள், நீண்ட தூரம் வண்டி ஓட்டுபவர்கள், இயந்திரங்களில் வேலை செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது. நீங்களும் முதல் இரண்டு வாரம் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டாதீர்கள்.

இரண்டாவது பகுதி, விழித்துக்கொண்டு கட்டிலில் கிடக்காமல் இருப்பது. மூன்றேகாலுக்கு விழிப்பு வந்து, கால் மணி நேரம் ஆகியிருக்கும் என்று தோன்றினால் (தோன்றினால் போதும், பார்க்க வேண்டாம்), எழுந்து வேறு இடத்துக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். சுவாரஸ்யம் இல்லாத எதையாவது படியுங்கள், துணி மடியுங்கள். கண் சொக்கினால் மட்டும் திரும்பிப் படுங்கள். களைப்பு வேறு, கண் சொக்குவது வேறு. களைப்பாக இருக்கும்போது உட்காரத்தான் தோன்றும், தூக்கம் வரும்போது இமை தானாகக் கீழே இறங்கும், படித்த வரியையே மறுபடி படிப்பீர்கள். ஒரே ராத்திரியில் மூன்று தடவை எழ வேண்டியிருந்தாலும் எழுங்கள். கட்டில் என்றால் தவிப்பு என்று மூளை கற்றுவைத்திருக்கிறது, அதை மறக்கடிக்க வேறு வழி எனக்குத் தெரியாது.

குறட்டையை முதலில் விசாரியுங்கள்

இதையெல்லாம் தொடங்கும் முன் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: குறட்டை நடுவில் நின்று, சில நொடி சத்தமே இல்லாமல், பிறகு திணறிக்கொண்டோ பெருமூச்சோடோ மறுபடி தொடங்குகிறதா? தூக்கத்தில் மூச்சுத் தடை என்கிற நோய் குண்டான ஆண்களுக்குத்தான் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் அது கூடுகிறது, அதுவும் பெண்களில் பெரிய குறட்டையாகத் தெரியாமல் அடிக்கடி விழிப்பு, காலைத் தலைவலி, பகல் சோர்வு, ராத்திரி பலமுறை சிறுநீர் என்று மாறுவேடத்தில் வரும். மூச்சு அடைபடும்போது மார்பினுள் அழுத்தம் மாறி இதயம் விரிகிறது, உடனே அது உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது, அதனால்தான் மூத்திரப்பை நிஜமாகவே நிறைகிறது. ரத்த அழுத்தத்தோடும் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. உங்களுக்குக் குறட்டை, ரத்த அழுத்தம், ராத்திரி சிறுநீர் மூன்றும் இருப்பதால், வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் மருத்துவரிடம் இதைச் சொல்லி, தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். மூச்சுத் தடை இருந்தால் மேலே சொன்ன கணக்கு அதைச் சரிசெய்யாது, தூக்க மாத்திரையோ அதை மோசமாக்கவும் கூடும்.

அதே சந்திப்பில் உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள். அம்லோடிபின் வகை மாத்திரைகள் முகச் சூட்டைத் தாமே கொண்டுவரும், நீர் பிரிய வைக்கும் மாத்திரையை மாலையில் போட்டால் ராத்திரி எழுப்பும். நேரத்தை மாற்றுவதோ மருந்தை மாற்றுவதோ அவர் முடிவு, நீங்களாக நிறுத்தாதீர்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் சூடு, வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். படுக்கும்போது கால்களை அசைத்தே ஆகவேண்டும் போல ஒரு குறுகுறுப்பு இருக்கிறதா? இருந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விடாத இருமல், கட்டி ஆகியவற்றோடு ராத்திரி வியர்வை வந்தால் அதை மெனோபாஸ் கணக்கில் எழுதிவிட்டு உட்காரக்கூடாது. நின்றுபோன உதிரப்போக்கு ஒரு சொட்டாகத் திரும்ப வந்தாலும் அப்படித்தான், உடனே காட்ட வேண்டும்.

ஒரு மணிச் சூட்டுக்கு

இங்கே நேர்மையாக ஒன்று சொல்லவேண்டும். மின்விசிறி, பருத்தித் துணி, குளிர்ந்த அறை, மெதுவான மூச்சுப் பயிற்சி, யோகா எல்லாவற்றையும் சூட்டு அலைக்குப் பரிந்துரைப்பது வழக்கம். அவை அலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. மூலிகை மாத்திரைகளுக்கும் அதே நிலைதான், சில வகைகள் கல்லீரலைக் கெடுத்த சம்பவங்களும் உண்டு. ஆனாலும் அறையைக் குளிர்ச்சியாக வைக்கச் சொல்வேன். அலை வந்தபின் திரும்பத் தூங்க ஆகும் நேரத்தை அது குறைக்கும், உங்கள் பிரச்சினையே அந்த நேரம்தானே.

கனமான ஒரே போர்வைக்குப் பதில் மெல்லிய இரண்டைப் போர்த்துங்கள், ஒன்றைத் தள்ளிவிட்டு, குளிரும்போது இழுத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்குத் தனிப் போர்வை. மாற்றுத் துணியும் ஒரு சிறிய துண்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பீரோவைத் திறந்து விளக்கைப் போட்டுத் தேடினால் தூக்கம் முழுசாகக் கலைந்துவிடும். அலை வந்ததும் போர்வையைத் தள்ளி, துடைத்து, தேவையானால் துணி மாற்றி, ஐந்து நிமிடம் அதற்குக் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நினைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 'போச்சு, இன்னைக்கும் தூக்கம் போச்சு' என்று நினைத்தால் இதயம் வேகமெடுத்து விழிப்பு உறுதியாகிவிடும், 'இது ஓய்ந்துவிடும், ஓய்கிற வரை இருக்கிறேன்' என்று இருந்தால் உடம்பு அடங்கும். இப்படி எண்ணத்தை மாற்றிப் பழக்கும் சிகிச்சையில் அலைகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாமலேயே அதன் தொந்தரவு குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எனக்கே அந்த வயதில் இரண்டாவது போர்வையும் இந்த ஐந்து நிமிடமும்தான் கைகொடுத்தன.

காபி, டீ பற்றி நீங்கள் எழுதவில்லை. சாயங்காலம் குடிக்கும் காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், ஆகவே கடைசிக் கோப்பை மதியத்தோடு முடியட்டும். புதிய திட்டத்தில் சாயங்காலம் தூங்கி வழியும்போதுதான் காபி மேல் ஆசை அதிகம் வரும், அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது சூட்டு அலைக்கும் குறட்டைக்கும் சேர்த்தே உதவும்.

நாத்தனார் மாத்திரையும் ஹார்மோனும்

அந்தப் பாதி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். மூன்று நாள் போட்டதால் சட்டென்று நிறுத்துவதில் சிக்கல் இல்லை. மாதக்கணக்கில் போட்டவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும், உங்கள் நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள். உங்களுக்கு அது பொருந்தாது என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. குறட்டை என்னவென்று இன்னும் தெரியவில்லை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து நடக்கிறீர்கள், மாத்திரை மயக்கத்தோடு இருட்டில் நடந்தால் தடுமாறுவீர்கள், மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தியும் குறைந்துகொண்டு வருகிறது, விழுந்தால் முறியும். அந்த மாத்திரை சூட்டு அலையைத் தொடுவதும் இல்லை. கொஞ்ச நாள் பழகிய பின் நிறுத்தினால் முன்பைவிட மோசமான இரண்டு மூன்று ராத்திரிகள் வரும், உடனே 'எனக்கு இது இல்லாமல் முடியாது' என்று தோன்றும், அப்படித்தான் பலருக்கும் வருடக்கணக்காக நீள்கிறது.

ஹார்மோன் பற்றிய பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எடைபோடுவது சுலபம். 2002-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட பெண்களில் மார்பகப் புற்றுநோய் கூடியது. எவ்வளவு? ஆண்டுக்கு 10,000 பெண்களில் எட்டுப் பேர் கூடுதல். அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63, உங்களைவிடப் பத்து வயதுக்கு மேல் பெரியவர்கள். அந்த ஆபத்து பொய் இல்லை, ஆனால் 'ஹார்மோன் போட்டால் புற்றுநோய் வரும்' என்ற வாக்கியம் அதைவிடப் பல மடங்கு பெரிது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் இருக்கிற ஆரோக்கியமான பெண்ணுக்குக் கடுமையான சூட்டு அலை இருந்தால், நன்மை பொதுவாக ஆபத்தைவிட அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. சூட்டு அலைக்கு அதைவிட வலுவான மருந்து கிடையாது. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, கருப்பையின் உட்படலத்தைக் காக்க இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் முன்பு வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது. உங்கள் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஹார்மோன் ஆகாதவர்களுக்கும் வேண்டாதவர்களுக்கும் வேறு வகை மருந்துகள் இருக்கின்றன.

எப்போது அந்தப் பேச்சுக்குப் போகலாம்? குறட்டை விசாரிக்கப்பட்டு, படுக்கை நேரத் திட்டத்தை ஒழுங்காக ஆறு முதல் எட்டு வாரம் செய்த பிறகு நோட்டைப் பாருங்கள். மூன்றேகால் விழிப்பு சுருங்கி, ஒரு மணிக்கு வியர்த்தாலும் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறீர்கள் என்றால் மருந்து தேவைப்படாமலே போகலாம். பின்பாதி சரியாகியும் முன்பாதியில் சூடு ராத்திரிக்கு இரண்டு மூன்று முறை எழுப்பிக்கொண்டே இருந்தால், அல்லது பகலிலும் வேலை செய்ய விடாமல் வந்தால், அங்கே மருந்துக்கு நியாயமான இடம் இருக்கிறது, தயங்க வேண்டாம். இதற்கிடையே மனச்சோர்வோ, வாழவே பிடிக்காத எண்ணமோ தலைகாட்டினால் எட்டு வாரம் என்று காத்திருக்கக் கூடாது, உடனே போங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு வார நோட்டு, ரத்த அழுத்த மாத்திரையின் அட்டை, குறட்டை நேரத்தில் வீட்டுக்காரர் போனில் பதிவு செய்த ஒரு நிமிடச் சத்தம், கடைசி மாதவிடாய் வந்த தேதி, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ ரத்தக் கட்டோ வந்திருந்தால் அவர்களுக்கு எந்த வயதில் வந்தது என்ற விவரம், இவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.